வினாவின் கடைசிச் சொல்: தேர்வுக் கட்டளைச் சொற்களுக்கு ஒரு கையகராதி

கோத்தகிரி ஞாயிறு வகுப்பில் பிளஸ் டூ தேர்வுக்கும் குரூப் 2 முதன்மைத் தேர்வுக்கும் படிப்பவர்களுக்கு.

தமிழ் வினாவில் கட்டளை கடைசியில் நிற்கிறது. "நீலகிரி மலை ரயில்" என்று வினா தொடங்கியதுமே, தெரிந்த பாடம் வந்துவிட்ட மகிழ்ச்சியில் பேனா ஓடத் தொடங்குகிறது. கடைசியில் இருப்பது "விவரி"யா, "மதிப்பிடுக"வா என்று பார்ப்பவர் குறைவு. ஆகவே வினாவைப் படித்து முடித்ததும் கடைசிச் சொல்லுக்கு அடிக்கோடு இடுங்கள். "விளக்கு", "விளக்குக" இரண்டும் ஒன்றுதான். மரியாதைதான் வேறு, மதிப்பெண் ஒன்றே.

சொற்களை அகரவரிசையில் வைக்கவில்லை, எளியதிலிருந்து கடினமானதற்குப் போகிறது. எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் நம் மலை ரயிலைப் பற்றியவை. பாடம் மாறாமல் சொல் மட்டும் மாறினால் விடை எப்படி மாறுகிறது என்பது அப்போதுதான் தெரியும்.

கூறுக, குறிப்பிடுக, பட்டியலிடுக
கேட்டதை மட்டும் எழுதுங்கள். "மலை ரயில் நிற்கும் நிலையங்கள் நான்கைப் பட்டியலிடுக" என்றால் குன்னூர், வெலிங்டன், அரவங்காடு, லவ்டேல். அவ்வளவுதான். லவ்டேலின் அழகைப் பற்றி ஒரு வரி சேர்த்தாலும் மதிப்பெண் ஏறாது, நேரம்தான் போகும்.

வரையறு
ஒரு வாக்கியம், மிஞ்சினால் இரண்டு. பொருளின் தனித்தன்மை அதில் இருக்க வேண்டும். "பற்சட்ட ரயில்பாதை: இரு தண்டவாளங்களுக்கு நடுவே பொருத்திய பற்சட்டத்தை எஞ்சினின் பற்சக்கரம் கவ்வி ஏறும்படி, கடும் சரிவுகளுக்காக அமைக்கப்பட்ட பாதை." இதற்குப் பதில் "ஊட்டி ரயில் ஓடும் பாதை" என்று எழுதினால் அது எடுத்துக்காட்டு, வரையறை ஆகாது.

சிறுகுறிப்பு வரைக
ஐந்தாறு வரிகளில் முக்கியச் செய்திகள். 1899-இல் மேட்டுப்பாளையம் முதல் குன்னூர் வரை ரயில் ஓடத் தொடங்கியது. 1908-இல் பாதை உதகைக்கு நீண்டது. மொத்தம் சுமார் 46 கிலோமீட்டர், மீட்டர் கேஜ். 2005-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம். முன்னுரை, முடிவுரை இரண்டும் வேண்டாம்.

விவரி
என்ன இருக்கிறது, எந்த வரிசையில் என்று சொல்ல வேண்டும். மேட்டுப்பாளையத்துச் சமவெளியில் தொடங்கி, கல்லாற்றில் பற்சட்டம் ஆரம்பித்து, பாலங்களும் குகைகளும் கடந்து குன்னூர் ஏறி, அங்கிருந்து உதகை. படிப்பவர் கண்ணுக்குப் பாதை தெரிந்தால் போதும்.

விளக்குக
இதில் "எப்படி", "ஏன்" இரண்டும் சேரும். வழுவழுப்பான சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் இடையிலான உராய்வு, ஏறத்தாழ 12 அடிக்கு ஓர் அடி உயரும் சரிவில் வண்டியை இழுக்கப் போதாது. அதனால் பற்சக்கரம் தேவைப்படுகிறது. இந்த "அதனால்" இல்லாத விடை விவரிப்பாகவே நின்றுவிடும்.

காரணம் கூறுக
"மழைக்காலத்தில் மலை ரயில் அடிக்கடி ரத்தாகிறது. காரணம் கூறுக." "மழை பெய்வதால்" என்று ஒரு சொல்லில் முடித்தால் பாதி மதிப்பெண்கூட வராது. வடகிழக்குப் பருவமழை கிழக்குச் சரிவில் கொட்டுகிறது. மண் ஊறித் தளர்கிறது. மலையைக் குடைந்து வெட்டிய பாதையில் மண்ணும் பாறையும் மரமும் சரிகின்றன. காரணத்திலிருந்து விளைவு வரை கண்ணி விட்டுப்போகக் கூடாது.

வேறுபடுத்துக
இரண்டு பத்தி அட்டவணை போதும். ஆனால் ஒவ்வொரு வரியிலும் இருபுறமும் ஒரே அளவுகோல் இருக்க வேண்டும். இடப்பக்கம் சரிவு, வலப்பக்கம் கட்டிய ஆண்டு என்று எழுதுவது வேறுபடுத்துவது அல்ல.

ஒப்பிடுக
வேற்றுமையோடு ஒற்றுமையும் வேண்டும். பெரும்பாலோர் மதிப்பெண் இழப்பது இங்கேதான். "கல்லாறு–குன்னூர் பகுதியையும் குன்னூர்–உதகை பகுதியையும் ஒப்பிடுக" என்று கேட்டால், முதல் பக்கத்தில் கல்லாறு கதை, இரண்டாம் பக்கத்தில் உதகை கதை என்று எழுதி வைக்கிறார்கள். அவை இரண்டு சிறுகுறிப்புகள். ஒப்பிடும் வேலையைத் திருத்துபவர் தலையில் கட்டிவிட்டோம் என்று பொருள்.

இப்படி எழுதலாம்: "இரு பகுதிகளும் மீட்டர் கேஜ், இரண்டுமே மலைச்சரிவில் வளைந்து ஏறுகின்றன. ஆனால் கீழ்ப்பகுதியின் சரிவு கடுமையானது என்பதால் அங்கே பற்சட்டம் உண்டு, நீராவி எஞ்சின் வண்டியைப் பின்னாலிருந்து தள்ளுகிறது. மேற்பகுதியில் சரிவு தணிகிறது, பற்சட்டம் இல்லை, டீசல் எஞ்சினே போதும்." போல, இரண்டும், ஆனால், மாறாக என்ற சொற்கள் உங்கள் விடையில் எத்தனை முறை வருகின்றன என்று எண்ணிப் பாருங்கள்.

பகுப்பாய்க
பொருளைக் கூறுகளாகப் பிரித்து, ஒன்று மற்றொன்றை எப்படிப் பாதிக்கிறது என்று காட்டுவது. பிரிப்பதோடு நிற்காதீர்கள்.

விவாதிக்க
"கோடையில் நீலகிரிக்கு வரும் வாகனங்களுக்கு இ-பாஸ் முறை குறித்து விவாதிக்க." சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நடைமுறைக்கு வந்தது என்பதை ஒரு வரியில் சொல்லிவிட்டு வாதத்துக்குப் போங்கள்.

"நன்மைகள்" என்று ஐந்து, "தீமைகள்" என்று ஐந்து எழுதி நடுவில் கோடு போடுவது விவாதம் ஆகாது. ஒரு வாதத்துக்கு மற்றொன்று பதில் சொல்ல வேண்டும். விடுதி நடத்துபவர், வாடகைக் கார் ஓட்டுநர், வர்க்கியும் கேரட்டும் விற்பவர் எல்லாரும் வருமானம் குறையும் என்கிறார்கள். எதிர்வாதம்: நெரிசலில் மணிக்கணக்கில் நிற்கும் கார்களில் இருப்பவர் எந்தக் கடையில் இறங்குவார்? அதற்கும் மறுப்பு உண்டு: பாஸ் எடுக்கத் தயங்குபவர் வேறு ஊருக்குப் போய்விடுவாரே? கட்டுப்பாடு வாகனத்துக்குத்தான், ஆட்களுக்கு அல்ல, பஸ்ஸில் வரலாமே என்று இன்னொருவர் சொல்வார். இப்படி நாலைந்து முறை முட்டிய பிறகு, எந்தப் பக்கம் வலு கூடுதல் என்று இரண்டு வரி. உறுதியான தீர்ப்பு கட்டாயமில்லை. நம் ஊர்க்காரர் என்பதற்காகக் கோபத்தை விடைத்தாளில் இறக்கிவைக்கவும் வேண்டாம்.

மதிப்பிடுக
இங்கே தீர்ப்பு கட்டாயம். அளவுகோலை முதலில் சொல்லி, ஒவ்வொன்றிலும் நிறுத்திப் பார்த்து, முடிவைத் தெளிவாக எழுத வேண்டும்.

"இன்றைய போக்குவரத்தில் மலை ரயிலின் பயனை மதிப்பிடுக." அளவுகோல் மூன்று: நேரம், நம்பகம், சுற்றுலா. மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு ஏற ஏறத்தாழ ஐந்து மணி நேரம். பஸ் அதில் பாதிகூட எடுக்காது. மழைக்காலத்தில் ரத்து. சுற்றுலாவில் மட்டும் அதற்கு இணையில்லை. ஆகவே: "அன்றாடப் பயணத்துக்குப் பயன் குறைவு, பாரம்பரியச் சின்னமாகவும் சுற்றுலா ஈர்ப்பாகவும் பயன் மிகுதி." "இதில் நன்மையும் உண்டு தீமையும் உண்டு" என்று முடிப்பவருக்கு நான் மதிப்பெண் போடுவதில்லை, அது யாரும் மறுக்க முடியாத வாக்கியம், அதனாலேயே ஒன்றும் சொல்லாத வாக்கியம்.

எந்த அளவுக்கு ஏற்கிறீர்கள்?
மதிப்பிடுகவின் தம்பி. "முழுவதும்", "பெரும்பாலும்", "சிறிதளவே" என்று அளவைச் சொல்லுங்கள். "ஆம்" அல்லது "இல்லை" என்பது விடை அல்ல.

இடஞ்சுட்டிப் பொருள் விளக்குக
தமிழ்த் தாளுக்கு மட்டும். இடம், பொருள், விளக்கம் என மூன்று தலைப்பும் தனித்தனியே தெரிய வேண்டும். விளக்கத்தை அருமையாக எழுதி இடத்தை விட்டுவிடுபவர் உண்டு.

நயம் பாராட்டுக
எதுகை, மோனை, அணி என்று பெயர் சொன்னால் மட்டும் போதாது. அந்த எதுகை பாட்டுக்கு என்ன செய்கிறது என்று ஒரு வரியாவது எழுதுங்கள்.

இரட்டைக் கட்டளை
"ஒப்பிட்டு மதிப்பிடுக", "காரணங்களைக் கூறி விளைவுகளை விளக்குக" போன்றவை. வினாவின் நடுவில் "-ட்டு", "-றி" என்று முடியும் எச்சத்தில் முதல் கட்டளை ஒளிந்திருக்கும். அதற்கும் அடிக்கோடு இடுங்கள். மதிப்பெண்ணை இரண்டாகப் பிரித்து இடம் ஒதுக்கலாம். சந்தேகம் வந்தால் கடைசியில் நிற்கும் சொல்லுக்குச் சற்றுக் கூடுதலாக.