மேசை விளக்குக் கணக்கு: லாப நட்டமற்ற புள்ளியும் மார்க்கப் விலையும் படிப்படியாக

வினா: மேசை விளக்கு தயாரிக்கும் நிறுவனம் ஒன்றின் ஆண்டு விவரம்: ஆலை வாடகை ரூ.2,10,000, மேற்பார்வையாளர் சம்பளம் ரூ.1,20,000, இயந்திரத் தேய்மானம் ரூ.30,000. ஒரு விளக்குக்கு மூலப்பொருள் ரூ.90, நேரடிக் கூலி ரூ.40, பேக்கிங் ரூ.20. மாறும் செலவின் மேல் 60% மார்க்கப் வைத்து விலை குறிக்கப்படுகிறது.
(அ) லாப நட்டமற்ற புள்ளியை எண்ணிக்கையிலும் ரூபாயிலும் காண்க.
(ஆ) வரி 25% எனில், வரிக்குப் பின் ரூ.1,35,000 லாபம் பெற எத்தனை விளக்குகள் விற்க வேண்டும்?
(இ) 5,000 விளக்குகள் விற்றால் பாதுகாப்பு விளிம்பு என்ன?
(ஈ) ஆண்டுக்கு 6,000 விளக்குகள் எனக் கொண்டு, முழு அடக்கத்தின் மேல் 20% மார்க்கப் வைத்தால் விலை என்ன? அந்த விலையில் லாப நட்டமற்ற புள்ளி எது?
(உ) வாடிக்கையாளருக்கு 10% தள்ளுபடி தந்த பிறகும் (ஈ) விலை கைக்கு வர, பட்டியல் விலை எவ்வளவு?

தீர்வு

முதலில் செலவுகளைப் பிரித்துவிடுங்கள். நிலையான செலவு = 2,10,000 + 1,20,000 + 30,000 = ரூ.3,60,000. தேய்மானத்தில் ரொக்கம் வெளியே போவதில்லை என்று அதை விட்டுவிடுபவர்கள் உண்டு. ரொக்க லாப நட்டமற்ற புள்ளியைக் கேட்டால்தான் அது சரி. இங்கே அப்படிக் கேட்கவில்லை. மாறும் செலவு = 90 + 40 + 20 = ரூ.150.

விற்பனை விலை = 150 × 1.60 = ரூ.240. ஒரு விளக்கின் பங்களிப்பு = 240 − 150 = ரூ.90. இந்த 90-ஐத் தனி வரியில் எழுதுங்கள், அடுத்த மூன்று விடைகளும் இதை நம்பித்தான் இருக்கின்றன.

(அ) 3,60,000 ÷ 90 = 4,000 விளக்குகள். ரூபாயில் 4,000 × 240 = ரூ.9,60,000.
சரிபார்க்க: பங்களிப்பு விகிதம் 90 ÷ 240 = 37.5%, 3,60,000 ÷ 0.375 = 9,60,000. பங்களிப்பை 150-ஆல் வகுத்து 60% என்று எழுதினால் விடை ரூ.6,00,000 ஆகிவிடும். 60% என்பது செலவின் மேல் உள்ள மார்க்கப். பங்களிப்பு விகிதத்தில் வகுக்கும் எண் எப்போதும் விற்பனை விலைதான்.

(ஆ) வரிக்குப் பிந்தைய லாபத்தை நேரே சூத்திரத்தில் போடக்கூடாது. வரிக்கு முந்தைய லாபம் = 1,35,000 ÷ 0.75 = ரூ.1,80,000. 1,35,000-உடன் 25% கூட்டி 1,68,750 எனப் போடுவது தவறு. வரி கணக்கிடப்படுவது முந்தைய லாபத்தின் மேல்.
தேவையான விற்பனை = (3,60,000 + 1,80,000) ÷ 90 = 6,000 விளக்குகள்.

(இ) 5,000 − 4,000 = 1,000 விளக்குகள், அதாவது ரூ.2,40,000. சதவீதம் = 1,000 ÷ 5,000 = 20%. இதை 4,000-ஆல் வகுத்து 25% என எழுதாதீர்கள். விளிம்புக்குள் வரும் ஒவ்வொரு விளக்கின் பங்களிப்பும் அப்படியே லாபம்: 1,000 × 90 = ரூ.90,000.

(ஈ) ஒரு விளக்கின் நிலையான செலவு = 3,60,000 ÷ 6,000 = ரூ.60. முழு அடக்கம் = 150 + 60 = ரூ.210. விலை = 210 × 1.20 = ரூ.252.

வினாவில் "விற்பனை விலையில் 20%" என்று இருந்திருந்தால் 210 ÷ 0.80 = ரூ.262.50 வந்திருக்கும். "அடக்கத்தின் மேல்" என்றால் பெருக்கல், "விற்பனையில்" என்றால் வகுத்தல். கணக்கு தெரிந்தவர்களும் அவசரத்தில் கோட்டை விடும் இடம் இது. அடக்கத்தின் மேல் 25% விற்பனையில் 20%-க்குச் சமம் (25 ÷ 125) என்பதை நினைவில் வைத்தால் இரண்டும் குழம்பாது.

புதிய பங்களிப்பு = 252 − 150 = ரூ.102. இங்கே 210-ஐக் கழித்து 42 என்று எடுத்தால் நிலையான செலவு இரண்டு முறை கணக்கில் வந்துவிடும். மாறும் செலவை மட்டுமே கழிக்க வேண்டும்.
3,60,000 ÷ 102 = 3,529.41, ஆகவே 3,530 விளக்குகள். தசமம் 0.5-க்குக் குறைவுதானே என்று 3,529 என எழுதினால், 3,529 × 102 = 3,59,958; ரூ.42 நட்டம். முழு எண்ணாகத் தர வேண்டிய விடையை எப்போதும் மேல்நோக்கியே முழுமையாக்குங்கள்.

(உ) பட்டியல் விலை = 252 ÷ 0.90 = ரூ.280. 252-இன் மேல் 10% கூட்டினால் 277.20, அதில் 10% தள்ளுபடி போனால் கைக்கு வருவது 249.48 மட்டுமே. 280-இல் 28 போனால் 252 சரியாக நிற்கிறது. இந்த ஒரு வரிச் சரிபார்ப்பையும் விடைத்தாளில் எழுதிவிடுங்கள்.