மிரியமுக்கும் குமரனுக்கும், பக்கத்து வீட்டிலிருந்து

அன்பு மிரியம், தம்பி குமரன்,

மஸல் டோவ்! மஸல் டோவ்!

செவ்வாய்க்கிழமை காலையில் பையன் பிறந்தான், தாயும் பிள்ளையும் நலம் என்று நீ செய்தி அனுப்பியதும் உங்கள் மாமா அடுப்பை அணைக்கக்கூட மறந்துவிட்டார். எங்களுக்கு அவ்வளவு சந்தோஷம்.

இந்த வார்த்தையை நான் நான்கு மாதமாக அடக்கி வைத்திருக்கிறேன். மிரியம் உண்டாகியிருக்கிறாள் என்று தெரிந்த அன்றே வாசலில் நின்று "மஸல் டோவ்" என்றேன், நினைவிருக்கிறதா? அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "இப்போது வேண்டாம், 'பெஷா தோவா' என்று சொல்லுங்கள்" என்றார். நல்ல நேரத்தில் நடக்கட்டும் என்று அதற்குப் பொருளாம். மஸல் டோவ் நடந்து முடிந்த நல்லதற்குத்தான். பிறக்கும் முன்பே தொட்டில் வாங்கி வைக்காத நம் வழக்கம் எனக்கு உடனே ஞாபகம் வந்தது. அதனால் அப்படியே காத்திருந்தேன்.

குமரா, இதை மிரியமுக்கு நீ படித்துக் காட்டு. அவள் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது: 'மஸல்' என்றால் பழைய எபிரேயத்தில் நட்சத்திரம், ராசி, பிறகுதான் அதிர்ஷ்டம் என்றும் ஆனது. 'டோவ்' என்றால் நல்லது. ஆக, சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'நல்ல நட்சத்திரம்'! ஊரில் பிள்ளை பிறந்ததும் என் பாட்டி முதலில் கேட்பது "என்ன நட்சத்திரம்?" என்றுதானே. இந்த வாழ்த்து எனக்கு அந்நியமாகப் படவே இல்லை.

உங்கள் கல்யாணத்தில் நீ தாலி கட்டியபின், யூத வழக்கப்படி துணியில் சுற்றிய கண்ணாடி டம்ளரை மிதித்து உடைத்ததும் கூடமே "மஸல் டோவ்!" என்று கத்தியது. அன்று கண்ணாடி உடைகிறதே என்று பதறினேன். இன்று அதே வார்த்தை உங்கள் பிள்ளைக்கு. இனி எட்டாம் நாள் விருத்தசேதனம் செய்து பெயரிடும் பிரித் மிலா, அப்புறம் பதின்மூன்று வயதில் பெரியவனாகிவிட்டான் என்று கொண்டாடும் பார் மிட்ஸ்வா, பட்டம், கல்யாணம், புது வீடு என்று ஒவ்வொன்றுக்கும் இதைச் சொல்ல எனக்கு ஆயுள் வேண்டும். பரீட்சைக்குப் போகும்போது மட்டும் சொல்ல மாட்டேன். எழுதி முடித்து வரட்டும்!

அடுத்த செவ்வாய் வரை பெயரைச் சொல்ல மாட்டீர்கள் என்று தெரியும், நான் துருவிக் கேட்கப் போவதில்லை. அதுவரை அவன் எனக்குக் குட்டிதான்.

உங்கள் வீட்டுச் சமையலறை யூத உணவு விதிப்படி நடக்கும் கோஷர் சமையலறை என்பதால் பூண்டுக் குழம்பு கொண்டுவரவில்லை. இந்தக் கூடையில் நறுக்காத பழங்கள் இருக்கின்றன; ஆரஞ்சு மிரியமுக்கு. பெரியவளைப் பள்ளியில் கொண்டுவிடுவதை இந்த வாரம் முழுக்க நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், காலை எட்டரைக்கு வாசலில் நிற்பேன்.

மிரியம், நன்றாகத் தூங்கு அம்மா.

அன்புடன்,
வசந்தா அக்கா, மாமா
ஹெண்டன், லண்டன்