நேவி நீலக் கோடு விவகாரம்: பதினொரு பேருக்கு நன்றி

எல்லோருக்கும் வணக்கம்.

இதை மெயிலாக எழுதினால் பாதிப் பேர் திறக்க மாட்டீர்கள், அதனால் குரூப்பிலேயே போடுகிறேன். கொஞ்சம் நீளம்தான், டீ நேரத்தில் படியுங்கள். பதினொரு பேரின் பெயரும் கேட் பக்கத்து போர்டில் ஒட்டியிருக்கிறது. இங்கே வேலையைச் சொல்லித்தான் குறிப்பிடுகிறேன், யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

போன மாதம் 14-ஆம் தேதி வெள்ளிக்கிழமை, சாயங்காலம் ஏழேகால் மணி. ஜெர்மன் பையரிடமிருந்து போட்டோவோடு மெயில். குழந்தைகள் டி-ஷர்ட், நேவியும் வெள்ளையும் கோடு போட்ட ஸ்டைல், அவர்கள் லேபில் ஒரு முறை துவைத்ததும் வெள்ளைக் கோடு எல்லாம் நீலம் பாய்ந்து கிடந்தது. போய்ச் சேர்ந்த 6,000 பீஸையும் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள், மீதி 12,400 வேண்டாம், அடுத்த சீசனைப் பற்றி இனிப் பேச வேண்டாம் என்று மூன்று வரி. நான்காவது வரியில் இருந்ததை இங்கே எழுத முடியாது.

உண்மையைச் சொல்கிறேன், நான்தான் முதலில் கத்தினேன். "நம்ம டெஸ்ட் ரிப்போர்ட் பாஸ் ஆகியிருக்கு, அதை மூஞ்சிக்கு நேரா அனுப்பு" என்று மெர்ச்சண்டைசிங் பாப்பாவிடம் சொன்னேன். அது அனுப்பவில்லை. "சார், அந்த ரிப்போர்ட் முதல் லாட்டுக்கு எடுத்தது, மத்த லாட்டைப் பாக்காம அனுப்புனா நாளைக்கு நாமளே மாட்டிக்குவோம்" என்றது. எனக்கு அந்த நிமிடம் கோபம்தான் வந்தது. இப்போது யோசித்தால், இந்த பையர் இன்றைக்கும் நம்மோடு இருப்பதற்கு அந்த அனுப்பாத ரிப்போர்ட்தான் முதல் காரணம்.

அன்றைக்கு இரவே வீடியோ காலில் வந்தார்கள். நாற்பது நிமிடம் திட்டு. நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். பாப்பா ஒரு இடத்தில்கூட குறுக்கே பேசாமல் நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தது. முடித்ததும் அவர்கள் சொன்னதையே ஒன்று, இரண்டு என்று திருப்பிப் படித்துக் காட்டி, "காரணம் இப்போ எனக்குத் தெரியாது, திங்கட்கிழமை உங்க காலை ஒன்பது மணிக்குச் சொல்றேன், அதுவரைக்கும் இங்கே ஒரு பீஸ்கூட பேக் ஆகாது" என்று மட்டும் சொன்னது. எதிர்ப்பக்கம் குரல் இறங்கியது. ஸாரி ஸாரி என்று இருபது தடவை சொல்லியிருந்தால் இறங்கியிருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

அப்புறம் வேலை. க்யூசி தம்பிகள் இரண்டு பேரும் சனிக்கிழமை விடிகாலையிலேயே வந்து, லாட் வாரியாக எடுத்துவைத்திருந்த பீஸ்களை 40 டிகிரியில் அரை மணி நேரம் ஓட்டி, கூடவே தைத்த வெள்ளைத் துணியில் எவ்வளவு சாயம் ஏறுகிறது என்று கிரே ஸ்கேலில் பார்த்தார்கள். முதல் இரண்டு லாட் 4-5, பாஸ். மூன்றாவது லாட் 2-3, ஃபெயில். நம்பாமல் மறுபடி ஓட்டினார்கள், அதே 2-3.

டையிங் யூனிட்டுக்குப் போன் போட்டபோது நடந்ததையும் சொல்ல வேண்டும். வழக்கமாக இந்த இடத்தில்தான் நம் ஊரில் சண்டை வரும், நீ பண்ணியது நான் பண்ணியது என்று பில்லை நிறுத்தி, நாலு நாள் போன் எடுக்காமல். புரொடக்ஷன் அண்ணன் சண்டைக்குப் போகவில்லை. "மாஸ்டர், லாட் கார்டை எடுத்துக்கிட்டு வாங்க, சேர்ந்து பாக்கலாம்" என்றார், மாஸ்டரும் ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டார். மூன்றாவது லாட்டுக்குச் சாயம் போட்ட அன்றைக்கு பாய்லர் பிரஷர் விழுந்து, நூலுக்கு இரண்டு தடவை கொடுக்க வேண்டிய கொதி சோப்பிங் ஒரு தடவையோடு நின்றிருக்கிறது. ரியாக்டிவ் சாயத்தில் நூலைப் பிடிக்காமல் மிச்சம் நிற்பதை அந்தச் சோப்பிங்தான் கழுவி எடுக்கும், அது சரியாக நடக்காவிட்டால் வாங்கியவர் வீட்டு வாஷிங் மெஷினில் கழுவப்படும். மாஸ்டர் அதை மறைக்காமல் சொன்னார். திட்டு விழும் என்று தெரிந்திருந்தால் சொல்லியிருப்பாரா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

பீஸாகவே மறுபடி கழுவிவிடலாம் என்று நான் ஒரு யோசனை சொன்னேன் (இரண்டாவது தப்பு). இருபது பீஸ் மட்டும் போட்டுப் பார்த்தார்கள், வெள்ளைக் கோடு சாம்பல் அடித்துவிட்டது. அத்தோடு விட்டார்கள். மொத்தத்தையும் கொட்டியிருந்தால் கதை முடிந்திருக்கும்.

பேக்கிங் அக்கா பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எந்த கார்ட்டனில் எந்த லாட் பண்டில் போனது என்று ஒரு நாற்பது பக்க நோட்டில் அவர் எழுதி வைத்துக்கொண்டிருந்தார், யாரும் எழுதச் சொல்லவில்லை, "எனக்கு ஞாபகம் நிக்காதுங்க சார், அதான்" என்கிறார். அந்த நோட்டு இல்லையென்றால் பையர் குடோனில் 100 கார்ட்டனையும் பிரிக்க வேண்டும். நோட்டைப் பார்த்து 31 கார்ட்டன் நம்பரை மட்டும் அனுப்பினோம். அங்கே 1,860 பீஸ், இங்கே 2,240, மொத்தம் 4,100தான் கெட்டது என்று ஞாயிறு இரவுக்குள் தெரிந்துவிட்டது.

இதோடு நிறுத்தியிருந்தாலும் பாராட்டத்தான் செய்திருப்பேன். ஆனால் லாட் கார்டைப் பார்க்கும்போது ஒரு க்யூசி தம்பிக்கு இன்னொன்று கண்ணில் பட்டது. அதே மூன்றாவது லாட் நூலில் கொஞ்சம், சாம்பல் கலர் ராம்பர் ஸ்டைலுக்கு ரிப்பாகப் போயிருக்கிறது, 1,500 பீஸ், தூத்துக்குடியில் ஏறிக் கடலில் போய்க்கொண்டிருக்கிறது. பையருக்கு இது தெரியாது. தெரியவும் வாய்ப்பு குறைவு. சொல்லலாமா வேண்டாமா என்று ஆபீஸ் ரூமில் பத்து நிமிடம் பேச்சு. "ஏங்க, குழந்தைங்க போடுறதுங்க" என்று செக்கிங் அக்கா ஒருவர் சொன்னார், அதற்கு மேல் யாரும் பேசவில்லை.

திங்கட்கிழமை வீடியோ காலில் பாப்பா அதைத்தான் முதலில் சொன்னது. அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் நம் பையர், மூன்று நாள் முன்னால் அந்த நான்காவது வரியை எழுதிய அதே ஆள், "சரி, அடுத்தது என்ன செய்யலாம்" என்று கேட்டார். ராம்பரைத் தனியாகத் துவைக்கச் சொல்லி ஸ்டிக்கர் ஒட்டி விற்க ஒத்துக்கொண்டார்கள், ஒட்டுகூலி நம்முடையது. 4,100 டி-ஷர்ட்டையும் புது நூலில் பதினெட்டு நாளில் தைத்து ஏர் கார்கோவில் அனுப்பினோம். லைன் அக்காக்கள் அந்த இரண்டரை வாரம் பட்ட பாட்டைப் பார்த்தேன். எல்லாம் சேர்த்து நமக்குக் கிட்டத்தட்ட பத்து லட்சம் போனது, அதை யாரிடமும் மறைக்கப் போவதில்லை. நேற்று அடுத்த சீசன் ஆர்டர் கன்ஃபார்ம் ஆகி வந்திருக்கிறது, 62,000 பீஸ்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பதினொரு பேருக்கும் ஆளுக்கு 7,500 ரூபாய், இந்த மாதச் சம்பளத்தோடு வரும். கான்ட்ராக்டில் இருக்கும் செக்கிங் அக்காக்களுக்கும் அதே தொகைதான், கான்ட்ராக்டர் வழியாகப் போகாது, நேராக அவரவர் அக்கவுண்டில் விழும். ஞாயிறு வந்தவர்களுக்கு இரண்டு நாள் லீவு, எப்போது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள், சூப்பர்வைசர் ஏதாவது சொன்னால் என்னிடம் அனுப்புங்கள். இனிமேல் ஒவ்வொரு லாட்டுக்கும் தனி வாஷ் டெஸ்ட். அக்காவின் நோட்டு மாதிரியே பேக்கிங்கில் ஒரு ரெஜிஸ்டர் வைக்கிறோம், அதில் என்னென்ன விவரம் வேண்டும் என்று அக்காதான் சொல்லப் போகிறார், கம்ப்யூட்டர் ஆட்கள் அப்புறம் வந்தால் போதும்.

பாப்பா, அந்த வெள்ளிக்கிழமை உன்னிடம் கத்தியதற்கு ரூமுக்குள் மன்னிப்பு கேட்டேன். கத்தியது எல்லோருக்கும் கேட்டது, அதனால் இங்கேயும் கேட்கிறேன்.

சனிக்கிழமை மதியம் ஒரு மணிக்கு கேன்டீனில் எல்லோருக்கும் மட்டன் பிரியாணி, சாப்பிடாதவர்களுக்கு வெஜ் உண்டு. டையிங் மாஸ்டரையும் கூப்பிட்டிருக்கிறேன், யாரும் பாய்லர் பற்றிக் கிண்டல் செய்யக் கூடாது. நைட் ஷிஃப்ட் ஆட்களுக்குப் பார்சல் எடுத்து வைப்போம், எத்தனை பேர் என்று வெள்ளிக்கிழமைக்குள் டைம் ஆபீஸில் சொல்லிவிடுங்கள்.