பகுதி 4: முதன்மைப் பணியாளர்களின் தகுதிக் குறிப்பும் பங்களிப்பும்
திட்டம்: பாக் விரிகுடாக் கடற்பசுக் காப்பகத்தில் கடற்புல் திட்டுகளின் பரப்பும் மீட்சியும் (3 ஆண்டுகள்)

முதன்மை ஆய்வாளர்

கடல் உயிரியல் இணைப் பேராசிரியராகிய நான் கடற்புல் சூழலியலில் 2009-இல் முனைவர் பட்டம் பெற்றேன். இத்திட்டத்துக்கு ஆண்டுதோறும் 4 மாத உழைப்பை ஒதுக்குவேன். 2018 நவம்பரில் கஜா புயல் கரையைக் கடந்த பிறகு, சேதுபாவாசத்திரத்துக்கும் கட்டுமாவடிக்கும் இடைப்பட்ட ஆழமற்ற கடலில் 6 நிலையான இடங்களைத் தேர்ந்து, 50 செ.மீ. சதுரச் சட்டகத்தைக் கொண்டு கடற்புல்லின் அடர்த்தியை ஆண்டுக்கு இரு முறை அளந்து வருகிறேன். 2022-இல் தமிழ்நாடு அரசு 448 சதுர கி.மீ. பரப்பைக் கடற்பசுக் காப்பகமாக அறிவிப்பதற்கு முன்பே தொடங்கிவிட்டதால், அறிவிப்புக்கு முந்தைய நிலையோடு ஒப்பிட்டுப் பார்க்க இந்த அளவீடு உதவும். இதை அடிப்படையாகக் கொண்ட 3 கட்டுரைகளில் களத் திட்டமும் பகுப்பாய்வும் என்னுடையவை. 2020, 2021 ஆண்டுகளின் நீரடி அளவீடுகள் முழுவதையும் என் ஆய்வு மாணவர்கள் இருவரே எடுத்தனர் என்பதையும், அவற்றுள் ஒரு கட்டுரையின் முதல் ஆசிரியர் அவர்களுள் ஒருவரே என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

இணை ஆய்வாளர்

தொலையுணர்வுத் துறை உதவிப் பேராசிரியரான இவர் ஆண்டுக்கு 2 மாதம் பங்கேற்பார். சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்களிலிருந்து கடற்புல் வரைபடம் தயாரிப்பது இவர் பொறுப்பு. அப்படங்களின் ஒரு புள்ளி 10 மீட்டருக்கு 10 மீட்டர் பரப்பைக் குறிப்பதாலும், வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நீர் கலங்கிவிடுவதாலும், சிறு திட்டுகள் விடுபடுகின்றன. கடற்பாசி கடற்புல்லாகக் கணக்காகிவிடுவதும் உண்டு. இவரது 2023 வரைபடத்திலும் இக்குறை இருந்தது. அதைத் திருத்திய விதமே அடுத்த பணியாளரை இப்பட்டியலில் சேர்த்ததற்குக் காரணம்.

சமூக ஆய்வாளர்

மல்லிப்பட்டினத்தைச் சேர்ந்த இந்த நாட்டுப்படகு மீனவர் 31 ஆண்டுகளாக இக்கடலில் தொழில் செய்கிறார். எட்டாம் வகுப்பு வரை படித்தவர். வரைபடத்தில் கடற்புல் என்று குறித்திருந்த 40 இடங்களுக்கு எங்களை அழைத்துச் சென்று, 11 இடங்களில் இருப்பது பாசியே என்று அடியில் இறங்கிக் காட்டியவரும், வரைபடத்தில் இல்லாத 7 திட்டுகளை ஜிபிஎஸ் கருவியில் பதிந்து தந்தவரும் இவரே. கடற்பசு மேய்ந்த தடத்தையும் இழுவை வலை கிழித்த தடத்தையும் பிரித்தறியும் இவரது திறனுக்கு எங்களிடம் இணையான கருவி இல்லை. ஆகவே களஉதவியாளர் என்ற பெயரில் நாள்கூலிப் பட்டியலில் வைக்காமல், ஆண்டுக்கு 5 மாத உழைப்புக்குரிய மதிப்பூதியத்துடன் முதன்மைப் பணியாளராகவே முன்வைக்கிறோம். அவரது தரவு பயன்படும் கட்டுரைகளில் அவர் இணையாசிரியராக இருப்பார் என்று மூவரும் எழுத்தில் உடன்பட்டுள்ளோம்.

பிற நிதியும் நல முரண்பாடும்

மாநில நிதியில் நடைபெறும் அலையாத்திக் காடு ஆய்வொன்றில் ஆண்டுக்கு 2 மாத உழைப்பை நான் ஏற்றிருக்கிறேன். அதன் செலவினங்கள் எதுவும் இத்திட்டத்தில் கோரப்படவில்லை. சமூக ஆய்வாளர் உள்ளூர் மீனவர் சங்கத்தின் உறுப்பினர் என்பதால், வலைச் சேதம் பற்றிய அவரது பதிவுகள் ஒவ்வொன்றையும் இணை ஆய்வாளர் நீரடி ஒளிப்படத்தோடு தனியே சரிபார்ப்பார்.