கன்னத்தில் ஒரு வேர்க்கடலை

வெறும் வயிற்றில் ஒரு குத்து, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு குத்து. சர்க்கரை வந்ததிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒரு தடவை இது எனக்கு வழக்கமாகிவிட்டது. வடபழனியில் ஆற்காடு சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் ஒரு சின்னப் பரிசோதனைக்கூடம் உண்டு. அன்று காலை ஏழரை மணிக்கு நான் போனபோது, எனக்கு முன்னால் ஐந்து வயதுப் பெண் குழந்தை ஒன்று நாற்காலியை உதைத்து அலறிக்கொண்டிருந்தது. அம்மா ஒரு கையைப் பிடித்திருந்தாள். ரத்தம் எடுக்கிற பையன் ரப்பர் பட்டையைக் கையில் வைத்தபடி, எதுவும் பேசாமல், பொறுமையாக நின்றிருந்தார்.

எனக்குக் குழந்தை அழுதால் தாங்காது. குனிந்து, முகவாயைக் கொஞ்சம் தூக்கி, தொண்டையை மேலே ஏற்றிக்கொண்டு அந்தக் குரலை எடுத்தேன்.

"ம்ம்... யார் அழுவது? நான் இருக்கிறேனே!"

குழந்தை சட்டென்று நின்றுவிட்டது. ஒரு கிழவியின் வாயிலிருந்து ஏழு வயதுப் பையன் பேசினால் எந்தக் குழந்தையும் நிற்கும். அந்த இடைவெளியில் ஊசியைப் போட்டு எடுத்துவிடலாம். ஆனால் பட்டை இன்னும் அவர் கையிலேயே இருந்தது. அவர் குழந்தையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு என் முறை வந்தது. சாம்பல் நிற மூடி போட்ட சின்னக் குழாயில் ரத்தம் ஏறியது. அவர் விரல் லேசாக நடுங்கியதுபோல் இருந்தது, ஆனால் எனக்கு வலிக்கவில்லை.

"ம்ம்... கையை மடக்கி வைத்துக்கொள்ளுங்கள் அம்மா," என்றார். அவ்வளவுதான் பேசினார்.

பக்கத்து உணவகத்தில் இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுக் கோயில் வாசலில் போய் உட்கார்ந்தேன். அந்தக் குரலை எடுத்துப் பல வருடங்கள் ஆகியிருந்தன. தொண்டை இன்னும் அதை மறக்கவில்லை என்பதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

சிண்டு ஓர் அணில் பையன். 2008-ல் ஜப்பானிலிருந்து வந்த தொடர், மொத்தம் முப்பத்தொன்பது அத்தியாயங்கள். அப்போது எனக்கு நாற்பத்தொரு வயது. கார்ட்டூனில் பையன்களுக்குப் பெரும்பாலும் பெண்கள்தான் பேசுவோம். நிஜப் பையனைக் கூட்டிவந்தால் தொடர் முடிவதற்குள் குரல் உடைந்துவிடும், ஆறு மணி நேரம் மைக் முன்னால் நிற்கவும் அவனால் முடியாது. சாலிகிராமத்தில் ஒரு மாடியறை டப்பிங் தியேட்டர். காதில் ஜப்பானியம், கண்ணெதிரே வாயசைப்பு, கையில் தமிழ் வசனம். மூன்றும் ஒரே நொடியில் சேர வேண்டும்.

சிண்டுவின் கன்னத்தில் எப்போதும் ஒரு கடலை இருக்கும். வாயைத் திறப்பதற்கு முன்னால் அவன் தாடை மூடியபடியே ஒரு தரம் அசையும். தமிழில் அந்த இடத்துக்கு வசனம் எழுதவில்லை. சும்மா விட்டால் படம் வெறுமையாகத் தெரிந்தது. அதனால் நானாக ஒரு "ம்ம்..." போட்டேன். கன்சோலில் இருந்தவர் கண்ணாடிக்கு அப்பாலிருந்து கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். அன்றிலிருந்து ஒவ்வொரு வசனத்துக்கும் முன்னால் ஒரு "ம்ம்..." சேர்ந்துகொண்டது.

இருபத்தாறு அத்தியாயங்கள் பேசினேன். பிறகு அழைப்பு வரவில்லை. போன் செய்தால் 'சொல்கிறோம் அக்கா' என்றார்கள். இன்னும் குறைந்த கூலிக்கு வேறொரு பெண் கிடைத்துவிட்டாள் என்று பிறகு தெரிந்தது. அவள் மேல் எனக்குக் கோபமில்லை, அவளுக்கும் வீடு இருந்தது. ஆனால் தொடரின் முடிவில் ஓடும் பெயர்களில் எங்கள் பெயர் ஒன்றுகூட இருக்காது. இருந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. யாராவது ஒருவர், 'சிண்டுவுக்கு என்ன ஆயிற்று?' என்று கேட்கமாட்டார்களா என்று ரொம்ப நாள் ஏங்கினேன். மீதி அத்தியாயங்களை நான் பார்க்கவே இல்லை.

பத்தேகாலுக்குத் திரும்பிப் போனபோது அந்தப் பையன் வாசலிலேயே நின்றிருந்தார்.

"ம்ம்... சிண்டு நீங்கள்தானே அம்மா?"

"ஆமாம் தம்பி."

"ம்ம்... இருபத்தாறாவது அத்தியாயம் வரை நீங்கள். அதற்குப் பிறகு நீங்கள் இல்லை."

எனக்குக் கால் தளர்ந்தது. உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். அவர் பட்டையைக் கட்டவில்லை. மருந்துப் பெட்டியைத் தள்ளி வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

அவருக்குத் திக்குவாய். சின்ன வயதில் இன்னும் மோசமாம். பள்ளியில் வருகைப் பதிவுக்கு 'உள்ளேன் ஐயா' சொல்வதற்குள் ஆசிரியர் அடுத்த பெயருக்குப் போய்விடுவாராம். அப்பா டீக்கடை வைத்திருந்தார். கடைக்குப் பின்னாலிருந்த வீட்டில், சாயங்காலம் இவர் டி.வி. முன்னால் உட்கார்ந்து சிண்டுவோடு சேர்ந்து பேசுவாராம். கூடவே பேசும்போது திக்காது. எப்படி என்று அவருக்கு அப்போது தெரியவில்லை. ஒருநாள் கடைக்கு வந்தவர் பெயர் கேட்டபோது, வாயை மூடி "ம்ம்..." என்று இழுத்தாராம். அதன் பின்னாலேயே கார்த்திக் என்று பெயர் முழுசாக வந்துவிட்டதாம்.

"ம்ம்... அப்பா கடை டம்ளரைக் கீழே போட்டுவிட்டார் அம்மா."

இதைச் சொல்லும்போது அவர் சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை. காலையிலிருந்து என் காதில் விழுந்துகொண்டிருந்த அந்த "ம்ம்..." எங்கிருந்து வந்தது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. வாயசைப்பை நிரப்ப, வெறும் அரை நொடிக்காக நான் போட்ட சத்தம்.

"குரல் மாறினதும் என்ன செய்தீர்கள்?" என்று கேட்டேன்.

"ம்ம்... அவர்கள் 'ம்ம்' சொல்லவில்லை. கூடச் சேர்ந்து பேச வரவில்லை. அழுதேன். அப்புறம் சத்தத்தை முழுசாகக் குறைத்துவிட்டேன். படம் மட்டும் ஓடும். சிண்டுவுக்கு நானே பேசினேன்."

"கடைசிவரைக்குமா?"

"ம்ம்... பதின்மூன்று அத்தியாயமும்."

வெளியே யாரோ வரிசை எண்ணைக் கேட்டுக் கதவைத் தட்டினார்கள். அவர் எழுந்து, ஐந்து நிமிடம் என்று கை காட்டிவிட்டு வந்தார். என் முழங்கையைத் துடைத்தார், பட்டையைக் கட்டினார், இரண்டாவது குழாயும் நிறைந்தது. இந்தத் தடவை விரல் நடுங்கவில்லை. பஞ்சை வைத்து என் கையை அவரே மடக்கிவிட்டார்.

"தம்பி, கடைசி அத்தியாயத்தில் சிண்டு என்ன சொல்வான்?"

"ம்ம்... வெள்ளத்தில் அடித்துப்போன மரத்தைத் தேடி மூன்று நாள் நடப்பான். கடைசியில் மரத்தைக் கண்டுபிடிப்பான். அம்மா அணில் மேலே உட்கார்ந்திருக்கும். கீழே நின்றுகொண்டு, 'நான் வீட்டுக்கு வந்துவிட்டேன்' என்பான். நான் அப்படித்தான் சொன்னேன். நிஜத்தில் என்ன வசனம் என்று தெரியாது."

"அதுதான் வசனம்," என்றேன். "சத்தம் வேண்டாம் தம்பி. சிண்டு மாதிரி வாயை மட்டும் அசையுங்கள்."

அவருக்குப் புரிந்துவிட்டது. கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒரு தரம் பார்த்தார். பிறகு நேராக உட்கார்ந்து, உதட்டை மூடி, ஒரு கன்னத்தை நாக்கால் லேசாகத் தள்ளிக்கொண்டார். கடலை. நான் முகவாயைத் தூக்கி அவர் தாடையைப் பார்த்தபடி காத்திருந்தேன். அது மூடியபடியே ஒரு தரம் அசைந்தது.

"ம்ம்..." என்று எடுத்தேன்.