பதினாறு வயதுக்கு என்ன தண்டனை?

இரண்டு பையன்களை வைத்துத் தொடங்குகிறேன். கற்பனைப் பையன்கள்தான். ஆனால் ஏதாவது ஓர் இளைஞர் நீதிக் குழுமத்தின் வராண்டாவில் அரைநாள் உட்கார்ந்தவர்களுக்கு இவர்கள் முகம் தெரியும். பெரியவனுக்கு 16 வயது 2 மாதம். சின்னவனுக்கு 15 வயது 11 மாதம். இரவு எட்டரைக்கு, தெருவிளக்கு எரியாத ஒரு சந்தில், ஆளுக்கொரு கத்தியைக் காட்டி ஒரு பெண்மணியின் செயினைப் பிடுங்குகிறார்கள்.

கொடிய ஆயுதத்தைப் பயன்படுத்திக் கொள்ளையடித்தால் குறைந்தபட்சம் 7 ஆண்டு சிறை. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, குறைந்தபட்சத் தண்டனையே 7 ஆண்டு என்றால் அது கொடுங்குற்றம். 16 வயது நிரம்பியவன் கொடுங்குற்றம் செய்தால் அவனைப் பெரியவர்களைப்போல விசாரிக்கலாமா என்று குழுமம் பார்க்கவேண்டும். சின்னவனுக்கு அந்தக் கேள்வியே இல்லை. அதிகபட்சம் 3 ஆண்டு சிறப்பு இல்லம். அதே சந்து, அதே செயின், அதே மாதிரிக் கத்தி. வித்தியாசம் மூன்று மாதம்.

எங்கேயாவது ஒரு கோடு போட்டுத்தான் ஆகவேண்டும், சரி. ஆனால் அந்தக் கோட்டைத் தாண்டியவனைத் தண்டிப்பது எதற்காக? மற்றவர்கள் பயப்படவா, செய்ததற்கு ஈடாகவா, அவனைத் திருத்தவா? நம் சட்டம் மூன்றையும் ஒரே பானையில் போட்டுக் கிண்டியிருக்கிறது.

முதலில் பயம். குற்றத்தால் வரும் லாபத்தைவிடத் தண்டனையின் வலி பெரிதாகத் தெரிந்தால் மனிதன் குற்றம் செய்யமாட்டான் என்பது ஆங்கிலத் தத்துவவாதி பெந்தாமின் கணக்கு. கணக்குப் போடுகிறவனுக்குத்தான் இது பொருந்தும். பதினாறு வயதில், பக்கத்தில் நண்பன் நிற்கும்போது, எவனும் உட்கார்ந்து கணக்குப் போடுவதில்லை என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். நேர்மையாகப் பார்த்தால் அவ்வளவு சுலபமில்லை. அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் 1993இல் கிறிஸ்டோபர் சிம்மன்ஸ் என்ற 17 வயதுப் பையன், கொலைக்கு முன்பே நண்பர்களிடம் சொன்னான்: நாம் மைனர்கள், தப்பித்துக்கொள்ளலாம். கணக்குப் போடத்தான் செய்தான். ஆனால் அது தப்புக் கணக்கு. மிசூரியில் அன்று 17 வயதுக்காரனுக்குச் சிறார் நீதிமன்றமே கிடையாது. நேராகப் பெரியவர்கள் நீதிமன்றம், மரண தண்டனை. அவ்வளவு கடுமையான சட்டம் புத்தகத்தில் இருந்தும் அவனைத் தடுக்கவில்லை, ஏனென்றால் அது அவனுக்குத் தெரியவே தெரியாது. அவன் வழக்கில்தான் 2005இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 18 வயதுக்குட்பட்டவர்கள் செய்த குற்றத்துக்கு மரண தண்டனை கூடாது என்றது.

பயமுறுத்தலை நேரடியாகவே சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். 1970களில் நியூஜெர்சியின் ராவே சிறைக்குப் பையன்களை அழைத்துப்போய், ஆயுள் கைதிகளை விட்டு அவர்கள் முகத்துக்கு நேரே கத்தவைத்தார்கள். தொலைக்காட்சியில் பார்க்க விறுவிறுப்பாக இருந்தது. அப்புறம் இந்த வகைத் திட்டங்களை முறையாக ஒப்பிட்டுப் பார்த்தபோது, போய்வந்த பையன்கள் போகாதவர்களைவிட அதிகமாகவே குற்றம் செய்திருந்தார்கள்.

ஆகவே சிறார் விஷயத்தில் அச்சுறுத்தலை நான் முதலிலேயே வெளியே அனுப்பிவிடுவேன். செய்ததற்கேற்ற தண்டனை என்ற கோட்பாட்டை அப்படி அனுப்பமுடியாது. அதைப் பழிவாங்கல் என்று ஒதுக்குகிறவர்கள் அந்தச் சந்தில் நின்ற பெண்மணியை மறந்துவிடுகிறார்கள். தனக்கு நடந்தது தவறு என்று அரசு உரத்துச் சொல்லவேண்டும் என்று அவர் எதிர்பார்ப்பதில் என்ன குறை? புனேயில் 2024 மே மாதம் ஒரு 17 வயதுப் பையன் ஓட்டிய சொகுசுக் கார் மோதி இரண்டு பேர் இறந்தார்கள். முதலில் கிடைத்த ஜாமீனின் நிபந்தனைகளில் ஒன்று, விபத்துகளைப் பற்றி 300 சொற்களில் கட்டுரை எழுதுவது. அது ஜாமீன்தான், தீர்ப்பல்ல. இருந்தாலும் நாடே கொதித்தது. கொதித்தவர்கள் எல்லாரும் ரத்தவெறி பிடித்தவர்களா? இரண்டு உயிருக்கும் ஒரு கட்டுரைக்கும் அளவு பொருந்தவில்லை என்றுதான் சொன்னார்கள்.

இங்கே ஒரு வேடிக்கையையும் கவனிக்கவேண்டும். மரணம் விளைவிக்கும் குற்றத்தில் கொலையாகாத வகைக்குக் குறைந்தபட்சம் 7 ஆண்டு என்ற வரம்பு இல்லை. அப்படிப்பட்டவை கொடுங்குற்றக் கணக்கில் வராது என்று ஷில்பா மிட்டல் வழக்கில் 2020இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதாவது கார் ஏற்றி இரண்டு பேரைக் கொன்றால் அந்தப் பிரிவில் பையன் பையன்தான். செயினுக்காகக் கத்தியைக் காட்டினால் பெரியவன் ஆகலாம்.

சரி, திருத்தம்? இந்தியாவில் சிறார் சட்டம் என்ற பெயரில் முதலில் வந்தது 1920இன் மதராஸ் சிறார் சட்டம். நூறு வருடமாக நாம் உச்சரிக்கும் மந்திரம் இது. அதில் ஓர் ஆபத்து இருக்கிறது. அரிசோனாவில் 1964இல் ஜெரால்ட் கால்ட் என்ற 15 வயதுப் பையன் பக்கத்து வீட்டுப் பெண்மணிக்குப் போன் செய்து ஆபாசமாகப் பேசியதாகப் புகார். பெரியவர் யாராவது அப்படிப் பேசியிருந்தால் 5 முதல் 50 டாலர் அபராதம் அல்லது அதிகபட்சம் இரண்டு மாதச் சிறை. இவனைத் 'திருத்த' 21 வயதுவரை அரசுச் சீர்திருத்தப் பள்ளியில் அடைக்க உத்தரவிட்டார்கள். ஆறு வருடம். புகார் கொடுத்தவர் விசாரணைக்கே வரவில்லை. தண்டிக்கவில்லை, நல்லதுதானே செய்கிறோம் என்று நினைக்கிறவர்களுக்கு வக்கீல் எதற்கு, சாட்சி எதற்கு? 1967இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவைச் செல்லாததாக்கியது.

தொலைவில் போகவேண்டாம். 2022 டிசம்பர் கடைசி நாளில் செங்கல்பட்டு கூர்நோக்கு இல்லத்தில் ஒரு 17 வயதுப் பையன் இறந்தான். ஊழியர்கள் கைதானார்கள். இல்லங்களின் நிலையை ஆராய ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவைக் கொண்டு அரசு ஒரு குழு அமைத்தது. திருத்தம் என்று பெயர்ப்பலகை மாட்டிவிட்டால் உள்ளே நடப்பதெல்லாம் திருத்தமாகிவிடாது.

அதனால் என் நிலைப்பாடு இதுதான்: செய்ததற்கேற்ற அளவு மேல்வரம்பாக இருக்கட்டும், அதற்குமேல் ஒரு நாள்கூடப் 'பையன் நல்லதுக்கு' என்று கூட்டக்கூடாது. அந்த வரம்புக்குள் என்ன செய்வது என்பதைத் திருத்தம் முடிவு செய்யட்டும். வயது குறையக் குறையப் பழியின் அளவும் குறையும், எனவே வரம்பும் கீழே இறங்கும்.

நம் சட்டம் தடுமாறுவது பையனைப் பற்றிய கேள்வியை எந்தக் கட்டத்தில் கேட்கிறது என்பதில். டெல்லி 2012 கூட்டுப் பாலியல் வன்கொடுமை வழக்கின் சிறுவன் 3 ஆண்டு முடிந்து 2015 டிசம்பர் 20 அன்று வெளியே வந்தான். 22ஆம் தேதி மாநிலங்களவை இளைஞர் நீதிச் சட்ட மசோதாவை நிறைவேற்றியது. சிறார் வயதை 18இலிருந்து குறைக்கவேண்டாம் என்று, அந்த வழக்கையொட்டி அமைந்த நீதிபதி வர்மா குழு 2013லேயே சொல்லியிருந்தது. அந்த அவசரத்தில் வந்ததுதான் முதனிலை மதிப்பீடு: குற்றம் செய்தானா என்று தெரியுமுன்பே, செய்யும் மன, உடல் திறன் இருந்ததா, விளைவு புரிந்திருந்ததா, சூழ்நிலை என்ன என்று பார்ப்பது. உளவியலாளர் பெரியவனிடம் கேட்கிறார்: "கத்தியால குத்தினா என்ன ஆகும் தம்பி?" "செத்துருவாங்க சார்." எட்டு வயதுக் குழந்தையும் சொல்லும் பதில் இது. அந்தச் சந்தில் நண்பன் "டேய், வா" என்றபோது அவனால் "வரல" என்று சொல்லமுடிந்திருக்குமா என்பதை இந்தக் கேள்வி தொடவே இல்லை.

அதே சட்டத்தில் இன்னொரு கட்டமும் இருக்கிறது, யாரும் பேசாதது. பெரியவர்போல விசாரிக்கப்பட்டுத் தண்டனை பெற்றவனைக்கூட 21 வயதுவரை சிறையில் அல்ல, பாதுகாப்பிடம் என்ற தனி இல்லத்தில்தான் வைக்கவேண்டும். 21 ஆனதும், தண்டனை மிச்சமிருந்தால், மாறியிருக்கிறானா என்று சிறார் நீதிமன்றம் பார்த்து, விடுவிக்கலாம் அல்லது சிறைக்கு அனுப்பலாம். ஊகத்துக்குப் பதில் ஐந்து வருடத்து வாழ்க்கை அப்போது கண்முன்னால் இருக்கும். ஆனால் அன்று நீதிபதியின் மேசைக்கு வரும் கோப்பில் என்ன இருக்கும்? நன்னடத்தை அலுவலர் மாதாமாதம் போய்ப் பார்த்து எழுதிய பக்கங்கள் இருக்கலாம்: பத்தாம் வகுப்பு பாஸ், வெல்டிங் கற்றான், அம்மா வந்த தேதிகள், அந்தப் பெண்மணிக்கு எழுதிய ஒரு கடிதம். அல்லது ஐந்து வருடமும் 'நடத்தை திருப்திகரம்' என்ற ஒரே வரியும் ரப்பர் முத்திரையும்.