காந்திமதி – கார்த்திகேயன் திருமண வரவேற்பு: தாய்மாமனின் வரவேற்புரை

எல்லோருக்கும் வணக்கம். பொள்ளாச்சியிலிருந்து வந்திருக்கும் சம்பந்தி வீட்டார், அம்பாசமுத்திரம், பாளையங்கோட்டை, டவுன் சொந்தங்கள், பிள்ளைகளின் நண்பர்கள், எல்லோரும் வாங்க. பின்வரிசையில் நிற்பவர்களும் வாங்க, முன்னால் நாற்காலி இருக்கிறது. மாப்பிள்ளை வீட்டாருக்கு என்று யாரோ நாலு வரிசையைத் துண்டு போட்டு வைத்திருந்தார்கள். அந்தத் துண்டையெல்லாம் இப்போதுதான் எடுக்கச் சொன்னேன். யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம்.

நான் காந்திமதியின் தாய்மாமன். என் அக்காவும் அத்தானும் வாசலில் சந்தனத் தட்டோடு நிற்கிறார்கள். உங்களை ஒவ்வொருவராகப் பார்த்து ‘வாங்க’ சொல்ல வேண்டும் என்று பிடிவாதம். அதனால் மைக் என் கைக்கு வந்துவிட்டது. நான் மேடை ஏறும்போது அத்தான், “பத்து நிமிஷத்துக்கு மேல பேசாதே மாப்ள” என்று சொல்லித்தான் அனுப்பினார்.

சம்பந்தி வீட்டாரில் பாதிப் பேர் நேற்று பாலக்காடு – திருச்செந்தூர் ரயிலில் வந்தார்கள். காலையில் பொள்ளாச்சியில் ஏறி, பழநி, திண்டுக்கல், மதுரை, கோவில்பட்டி எல்லாம் தாண்டி, மத்தியானத்துக்கு மேல் நெல்லையில் இறங்கினார்கள். வழியில் பழநி முருகன், வண்டி போய்ச் சேருகிற இடத்தில் செந்தூர் முருகன். மாப்பிள்ளை பெயரும் கார்த்திகேயன். இதற்கு மேல் எங்கள் அக்கா வேறு பொருத்தம் பார்க்கவில்லை, ஜோசியரிடம் கொடுத்த ஜாதகத்தைத் திருப்பி வாங்கவும் மறந்துவிட்டாள்.

இந்தக் கல்யாணம் பேசி முடித்த விதத்தை இரண்டு வீட்டாரும் கேட்க வேண்டும், ஏனென்றால் அன்றைக்கு இருந்தது கொஞ்சப் பேர்தான். பிள்ளைகள் இருவரும் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள். அவன் இரண்டு வருஷம் முன்னால், இவள் பின்னால். வீட்டில் வந்து சொன்னபோது எங்கள் பக்கம் ஒரு வாரம் பேச்சே இல்லை. யாருக்கும் கோபமில்லை, பொள்ளாச்சி ரொம்பத் தூரமாயிற்றே என்ற கவலைதான். அப்புறம் சம்பந்தியே கிளம்பி வந்தார். கூடத்தில் உட்கார்ந்தார், காபி குடித்தார். நாங்கள் எல்லோரும் அவர் என்ன கேட்கப் போகிறாரோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம். அவர் காந்தியைப் பார்த்து, “ஏனம்மணி, தென்னையில இந்த வெள்ளை ஈ ஒழியவே மாட்டேங்குதே, என்ன பண்றதுங்க?” என்று கேட்டார்.

இவளுக்கு வெட்கமெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. மஞ்சள் ஒட்டும் பொறி கட்டுங்கள், ஓலைக்கு அடியில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடியுங்கள், கண்ட மருந்தையும் அடிக்காதீர்கள், அடித்தால் அந்த ஈயைத் தின்கிற என்கார்சியா என்ற குட்டிக் குளவியும் சேர்ந்து செத்துப்போகும் என்று முக்கால் மணி நேரம் பேசினாள். அவர் சட்டைப் பையிலிருந்து பேப்பர் எடுத்து எழுதிக்கொண்டார். கிளம்பும்போது எங்கள் அத்தானிடம், “முகூர்த்த நாள் பார்த்துச் சொல்லுங்க” என்று மட்டும் சொன்னார். நகை எவ்வளவு, சீர் என்ன என்று அன்றைக்கும் கேட்கவில்லை, இன்றுவரைக்கும் கேட்கவில்லை. இதை மைக்கில் சொல்வது அவருக்குப் பிடிக்காது என்று தெரியும். ஆனால் ஊர் அறியச் சொல்ல வேண்டிய விஷயம், அதனால் சொல்லிவிட்டேன். சம்பந்தி, மன்னித்துக்கொள்ளுங்கள்.

முன்வரிசையில் எங்கள் ஆச்சியும், பக்கத்திலேயே மாப்பிள்ளையின் அம்முச்சியும் உட்கார்ந்திருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் காது கொஞ்சம் மந்தம். சாயங்காலம் ஐந்து மணியிலிருந்து ஓயாமல் பேசிக்கொண்டிருக்கிறார்கள், என்ன பேசுகிறார்கள் என்று கேட்கப் போனவர்களை விரட்டிவிட்டார்கள். தள்ளாத வயதில் இவ்வளவு தூரம் வந்த அம்முச்சிக்குத் தனியாக ஒரு வணக்கம்.

பொள்ளாச்சிக்காரர்களுக்கு ஒரு விஷயம். எங்கள் ஊர் ஆட்கள் சாதாரணமாகப் பேசினாலே சண்டை போடுவது போலத்தான் இருக்கும். ராத்திரி மாடியில் யாராவது “ஏல, இங்க வால” என்று கத்தினால் பயந்துவிடாதீர்கள். பாய் விரிக்கக் கூப்பிடுகிறான், அவ்வளவுதான். நீங்கள் ‘ங்க’ போட்டுப் பேசுவதைக் கேட்டு எங்கள் பையன்களும் இரண்டு நாளாகத் திருந்தியிருக்கிறார்கள். எத்தனை நாளைக்கு என்று தெரியாது.

தொலைவில் இருப்பதாலும் நாள் குறைவாக இருந்ததாலும் பல வீடுகளுக்குப் பத்திரிகை வாட்ஸ்அப்பில்தான் வந்திருக்கும். வெற்றிலை பாக்கோடு வாசலில் வந்து கூப்பிடவில்லையே என்று பார்க்காமல், பிள்ளைகளுக்காகக் கிளம்பி வந்திருக்கிறீர்கள். உங்களுக்கு இரண்டு வீட்டின் சார்பிலும் பெரிய நன்றி. இன்று இருந்திருக்க வேண்டிய சில பெரியவர்கள் இல்லை. காந்திமதி என்ற பெயருக்குச் சொந்தக்காரியான அவளுடைய அப்பாவைப் பெற்ற ஆச்சி, மாப்பிள்ளையின் தாத்தா, இருவரையும் நினைத்துக்கொள்கிறோம்.

இனி சாப்பாட்டு விஷயம். எனக்கு முக்கியமான அத்தியாயம் இதுதான். பந்தி கீழ்த்தளத்தில் ஏழரை மணிக்குத் தொடங்குகிறது. ஒரு வேண்டுகோள்: மாப்பிள்ளை வீட்டார் ஒரு பந்தி, பெண் வீட்டார் ஒரு பந்தி என்று பிரிந்து உட்காராதீர்கள். பக்கத்து இலையில் தெரியாத முகம் இருந்தால் ‘நீங்க எந்த ஊர்?’ என்று கேளுங்கள். பந்தி விசாரிக்க இரண்டு பக்கத்துப் பெரியப்பாக்களும் சேர்ந்தே நிற்பார்கள். மேடைக்குப் போட்டோ எடுக்க வரிசை நீளமாகத்தான் இருக்கும். வயதானவர்களும் கைக்குழந்தை வைத்திருப்பவர்களும் வரிசையில் நிற்க வேண்டாம், பக்கவாட்டுப் படி வழியாக நேராக மேலே வரலாம். நேற்று குற்றாலத்தில் குளித்துவிட்டுச் சளி பிடித்து வந்திருப்பவர்களுக்குக் கீழே சுக்குக் காபி இருக்கிறது. ஆவணியிலும் சாரல் விடவில்லை என்று சொன்னோமே, கேட்டீர்களா?

நாளை ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம் காலை ஏழரையிலிருந்து ஒன்பதுக்குள். ஆறு மணிக்கே காபி, டிபன் தயாராக இருக்கும். அப்புறம், முகூர்த்தம் முடிந்த கையோடு கிளம்பிவிடாதீர்கள். மறுநாள் சொதிச் சாப்பாடு எங்கள் பக்கத்து வழக்கம். தேங்காய்ப் பாலில் காய்கறி போட்டு வைக்கிற குழம்பு, தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடி, உருளைக்கிழங்கு வறுவல். இஞ்சிப் பச்சடியை விட்டுவிட்டுச் சொதியை மட்டும் வெளுத்துக்கட்டினால் வயிறு மந்தமாகிவிடும், எச்சரிக்கை. இந்த முறை சொதிக்குப் பால் பிழிகிற தேங்காய் முழுவதும் சம்பந்தி தோப்பிலிருந்து இரண்டு மூட்டையில் வந்திறங்கியிருக்கிறது. காயைத் தட்டிப் பார்த்த எங்கள் சமையல்காரர், “இனிமே தேங்காய்க்கு நாம அலைய வேண்டாம்” என்று சொல்லிவிட்டார். திங்கட்கிழமை மத்தியான ரயிலைப் பிடிப்பவர்களுக்காகப் பதினோரு மணிக்கே முதல் பந்தி போடச் சொல்லியிருக்கிறோம். ஆகவே சாக்கு எதுவும் சொல்ல முடியாது.

சரி, நாயனக்காரர் சீவாளியை ஈரப்படுத்திக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அத்தானும் வாசலிலிருந்து கை காட்டுகிறார். பிள்ளைகள் மேடைக்கு வருகிறார்கள். நல்லாப் பலமாகக் கை தட்டுங்கள். நாயனக்காரரே, தவிலோடு தொடங்குங்கள்.